காயம்பட்டவர் ஒன்று சொல்ல, சூப்பர்வைசர் வேறொன்று சொன்னால்: இரு கூற்றுகளையும் பதியும் முறை

பவர் பிரஸ்ஸில் விரல் நசுங்கிய விபத்துகளில் ஆபரேட்டரும் சூப்பர்வைசரும் வழக்கமாக ஒரே இடத்தில்தான் முரண்படுகிறார்கள். ரேம் ஏன் இறங்கியது என்பதே அந்த இடம். கையை டைக்குள் விட்டுக்கொண்டே பெடலை மிதித்துவிட்டார் என்கிறார் சூப்பர்வைசர். பெடலில் கால் வைக்கவே இல்லை, பிரஸ் தானாக டபுள் அடித்துவிட்டது என்கிறார் ஆபரேட்டர். இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டத் தேவையில்லை. ரேம் இறங்கிய அந்த நொடியில் சூப்பர்வைசர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம். ஆபரேட்டருக்கோ அடிபட்ட அதிர்ச்சியில் முன்பின் நடந்தவை கலங்கிப்போயிருக்கலாம். பதிவேட்டை எழுதுபவர் தீர்ப்பு சொல்ல உட்காரவில்லை. யார் எதைப் பார்த்தார், எதைக் கேட்டார், எதை ஊகித்தார் என்பது பின்னால் வாசிக்கிறவருக்குத் தெளிவாகத் தெரியும்படி எழுதிவைப்பதே அவர் வேலை.

சிறிய பிரஸ் ஷாப்களில் இந்த வேலை டைம் ஆபீஸில் இருப்பவர் தலையில் விழும். பெரிய ஆலைகளில் பாதுகாப்பு அலுவலர் செய்வார். சில இடங்களில் சூப்பர்வைசரே எழுதிவிடுகிறார். அது கூடாது. விபத்தைப் பற்றிய ஒரு தரப்பின் கூற்று அவருடையது. பதிவையும் அவரே எழுதினால், மற்றவர் கூற்றும் அவர் வாய் வழியாகத்தான் பதிவேட்டுக்குள் வரும். வேறு ஆளே இல்லாத சிறு பட்டறையாக இருந்தால் உரிமையாளரோ கணக்கரோ எழுதட்டும்.

ஒரு சொல்லில் தொங்கும் இழப்பீடு

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், வேலையில் ஏற்படும் காயத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்கியது. ஆனால் அதன் 3ஆம் பிரிவில் சில விலக்குகள் இருந்தன. பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது என்று தெரிந்தே ஒரு தடுப்பைத் தொழிலாளி வேண்டுமென்று அகற்றியதாலோ அலட்சியப்படுத்தியதாலோ காயம் ஏற்பட்டிருந்தால், இழப்பீடு மறுக்கப்படலாம். உயிரிழப்புக்கும் முழுமையான நிரந்தர ஊனத்துக்கும் இந்த விலக்கு பொருந்தாது. ஒரு விரல் போவது பகுதி ஊனம் என்பதால் பொருந்தக்கூடும். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த விலக்குகள் தொடர்கின்றன.

“கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்தார்” என்று சூப்பர்வைசர் எழுதும் ஒரு வரிக்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்பது இதிலிருந்து தெரியும். அந்த வரிக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. கார்டைக் கழற்றியது யார்? வேண்டுமென்றே கழற்றினாரா, இல்லை வேலையின் ஒரு பகுதியாகவா? அது எதற்காக இருக்கிறது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்ததா? மூன்றுக்கும் விடை தெரியாமல் அந்த வரியைப் பதிவேட்டில் ஏற்றினால், விசாரணையே இல்லாமல் தொழிலாளியின் உரிமையில் கைவைத்ததாகிவிடும்.

இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வரும் தொழிற்சாலைகளில் நிலைமை சற்று வேறு. 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டத்தில் 51B என்றொரு பிரிவு இருந்தது. சட்ட விதியையோ முதலாளியின் உத்தரவையோ மீறிச் செய்த செயலில் காயம் ஏற்பட்டிருந்தாலும், அந்தச் செயல் முதலாளியின் தொழிலுக்காகச் செய்யப்பட்டதாக இருந்தால், அதை வேலைக்காயமாகவே கொள்ள அந்தப் பிரிவு வழி செய்தது. இ.எஸ்.ஐ. விபத்து அறிக்கைப் படிவத்திலும் இதற்கான கேள்விகள் இருக்கின்றன: விதியை மீறினாரா, உத்தரவை மீறினாரா, உத்தரவு இல்லாமல் செய்தாரா, அப்படியானால் அது தொழிலுக்காகச் செய்யப்பட்டதா. முதல் மூன்றுக்கும் “ஆம்” என்று எழுதிவிட்டுக் கடைசிக் கேள்வியை வெறுமனே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஒட்டிக்கொண்ட பீஸை எடுக்க விரலை விட்டவர் தொழிற்சாலையின் உற்பத்திக்காகத்தான் அதைச் செய்தார். அதையும் எழுதினால்தான் பதில் முழுமையாகும்.

எடுத்துக்காட்டாக ஒரு விபத்து

முறையை விளக்க ஒரு நேர்வை அமைத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் ஒரு பிரஸ் ஷாப். ஃபுட் பெடலால் இயங்கும் 40 டன் கீ கிளட்ச் பிரஸ், எண் 6. இரண்டாம் ஷிப்டு மதியம் 2 மணிக்குத் தொடங்கியது. மாலை 4.40 மணிக்கு ஆபரேட்டரின் வலது ஆள்காட்டி விரலின் முதல் கணு நசுங்கியது. அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, சூப்பர்வைசர் டைம் ஆபீஸுக்கு வந்து ஒரு துண்டுத்தாளில் இப்படி எழுதிக் கொடுத்தார்:

“ஆபரேட்டர் கவனக்குறைவாக கார்டைக் கழற்றிவிட்டு, டைக்குள் கை விட்ட நிலையில் பெடலை மிதித்ததால் விபத்து ஏற்பட்டது. பலமுறை எச்சரித்தும் கேட்கவில்லை.”

மறுநாள் மருத்துவமனையில் ஆபரேட்டர் சொன்னது இது:

“பீஸ் டைல ஒட்டிக்கிச்சு சார். பெடல்ல இருந்து கால எடுத்துட்டுதான் இடுக்கியால தட்டுனேன், வரல. அப்புறம் விரலால தள்ளுனேன். அப்ப பிரஸ் தானா எறங்கிடுச்சு. அது டபுள் அடிக்குதுன்னு முந்தாநேத்தே சொன்னேன். கார்ட நான் கழட்டல. டை மாத்துனப்ப கழட்டுனது, திரும்பப் போடவே இல்ல.”

இந்த இரண்டையும் ஒரே பதிவுக்குள் நேர்மையாகக் கொண்டுவருவது எப்படி என்பதுதான் இனி வரும் பகுதிகளின் பொருள்.

முதல் அறிக்கை

உறுப்பு இழப்பு நேரக்கூடிய காயமானால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு உடனே அறிக்கை போயாக வேண்டும். தொழிலாளி 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத காயம் என்றால், தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தெரிவிக்க வேண்டும். அந்த நேரத்தில் காயம்பட்டவர் ஆபரேஷன் தியேட்டரில் இருப்பார். கைவசம் சூப்பர்வைசரின் துண்டுத்தாள் மட்டும்தான் இருக்கும். அவசரத்தில் அதை அப்படியே படிவத்தில் இறக்கிவிட்டால், பின்னால் ஆபரேட்டர் சொல்வதெல்லாம் “மாற்றிப் பேசுவது” போல ஆகிவிடும். முதலில் காகிதத்தில் ஏறிய கூற்றையே உண்மை என்றும், இரண்டாவதாக வருவதை மறுப்பு என்றும் வாசிக்கும் பழக்கம் அலுவலகங்களில் ஊறிப்போனது.

இதைத் தவிர்ப்பது கடினமில்லை. முதல் அறிக்கையில் நேரம், இடம், இயந்திர எண், காயம், செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றை மட்டும் எழுத வேண்டும். காரணம் கேட்கும் கட்டத்தில் இப்படி எழுதலாம்: “பிரஸ் எண் 6இல் வேலை செய்துகொண்டிருந்தபோது ரேம் இறங்கி வலது ஆள்காட்டி விரல் டைக்கும் பஞ்சுக்கும் இடையே சிக்கியது. ரேம் இறங்கிய காரணம் விசாரணையில் உள்ளது. காயமடைந்தவரின் கூற்று இன்னும் பெறப்படவில்லை.” கடைசி வாக்கியம் மிக முக்கியம். கேட்க வேண்டிய ஒருவரை இன்னும் கேட்கவில்லை என்பதை அது அரசு அலுவலகத்துக்குப் போகும் காகிதத்திலேயே சொல்லிவிடுகிறது.

சூப்பர்வைசரின் துண்டுத்தாளைக் கிழித்துப் போடக் கூடாது. அதில் தேதியும் பெற்ற நேரமும் குறித்து, இணைப்பாகக் கோப்பில் வைக்க வேண்டும். அடுத்த நாள் அவர் வேறு மாதிரி சொன்னால், முதலில் எழுதியது என்ன என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆபரேட்டரின் முதல் பேச்சையும் இதே போலப் பாதுகாக்க வேண்டும். ஆட்டோவில் ஏறும்போது அவர் ஏதாவது சொல்லியிருந்தால், கேட்டவர் பெயரோடு அதைக் குறித்துவைக்கலாம். “என் தப்புதான்” என்று வலியில் முனகியிருந்தாலும் குறிக்கலாம். ஆனால் எந்த நிலையில் சொன்னார் என்பதையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.

கூற்றைக் கேட்டு வாங்குவது

காயம்பட்டவரிடம் விரிவான கூற்றை வாங்கும் முன், அவர் பேசும் நிலையில் இருக்கிறாரா என்று டாக்டரிடமோ வார்டு நர்ஸிடமோ கேட்க வேண்டும். வலி மருந்தின் மயக்கத்தில் வாங்கிய கூற்று யாருக்கும் பயன்படாது. கேட்ட தேதி, நேரம், இடம், உடன் இருந்தவர்கள் ஆகியவை பதிவின் முதல் வரியில் வர வேண்டும். சூப்பர்வைசரோ அவரோடு வந்தவர்களோ அந்த அறையில் இருக்கக் கூடாது. மனைவியோ அண்ணனோ சங்கத்துக்காரரோ உடன் இருக்கட்டும் என்று தொழிலாளி விரும்பினால் இருக்கலாம். ஆனால் அவர்கள் நடுவில் எடுத்துக் கொடுப்பதைக் கூற்றில் சேர்க்கக் கூடாது.

ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தொழிலாளியாக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அவர்களைக் கூட்டிவந்த காண்ட்ராக்டரின் ஆளையே மொழிபெயர்க்க வைப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. அவருக்கும் இந்த விபத்தில் ஒரு நலன் இருக்கிறது. வேறு துறையில் வேலை செய்யும் அதே மொழிக்காரர் ஒருவர் போதும். அவர் பெயரைப் பதிவில் எழுதி, கையெழுத்தும் வாங்க வேண்டும்.

முதல் கேள்வி திறந்த கேள்வியாக இருக்க வேண்டும். “ஷிப்டுக்கு வந்ததுலேருந்து என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க தம்பி” என்று தொடங்கி, அவர் முடிக்கும் வரை குறுக்கிடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். “பெடல்ல கால் இருந்துச்சா?” என்று முதலிலேயே கேட்டால் கூற்று அந்தக் கேள்வியைச் சுற்றியே வளையும். “கார்ட ஏன் கழட்டுனீங்க?” என்ற கேள்வி அதைவிட மோசமானது. கழற்றியவர் அவர்தான் என்பதை அது ஏற்கெனவே முடிவு செய்துவிடுகிறது. அவர் முழுவதும் சொல்லி முடித்த பிறகு, விட்டுப்போன இடங்களை மட்டும் நேரமாகவும் இடமாகவும் கேட்கலாம். கடைசியாக எப்போது கார்டைப் பிரஸ்ஸில் பார்த்தீர்கள்? டபுள் அடித்ததை யாரிடம், எங்கே நின்று சொன்னீர்கள்? அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?

சூப்பர்வைசரிடமும் இதே வரிசையில், இதே அளவு நேரம் கொடுத்துக் கேட்க வேண்டும். ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்று அவரைக் கேட்காமல் விடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். துண்டுத்தாள் அவர் பதற்றத்தில் எழுதியது. ரத்தத்தைப் பார்த்த கையோடு ஓடிவந்து எழுதியவருக்கு, உட்கார்ந்து நிதானமாகச் சொல்ல ஒரு வாய்ப்பு வேண்டும்.

பார்த்தது, கேட்டது, ஊகித்தது

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வதானால் அது இதுவாக இருக்கட்டும்: கூற்றில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில், அது எப்படித் தெரிந்தது என்று கேட்டு எழுதுவது. பாதிக்கு மேற்பட்ட தகராறு இந்த இடத்திலேயே கரைந்துவிடும்.

நமது நேர்வில் சூப்பர்வைசரிடம் உட்கார்ந்து கேட்டபோது அவர் சொன்னது இது. விபத்து நேரத்தில் அவர் பிரஸ் எண் 3 அருகே நின்றிருந்தார். அலறல் கேட்டுத் திரும்பினார். ஆபரேட்டர் வலது கையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்ததையும், கார்டு கழன்று பிரஸ்ஸின் காலடியில் சாய்த்து வைக்கப்பட்டிருந்ததையும் பார்த்தார். அவ்வளவுதான். பெடலை மிதித்ததைப் பார்த்தாரா என்று கேட்டதற்கு, “மிதிக்காம பிரஸ் எப்படி சார் எறங்கும்?” என்றார். இது ஊகம். பொறுப்பான அனுபவசாலி ஒருவரின் ஊகம் என்பதால் அதைப் பதிவு செய்ய வேண்டியதுதான். ஆனால் ஊகம் என்றே பதிவு செய்ய வேண்டும். “பலமுறை எச்சரித்தும்” என்பதைப் பற்றிக் கேட்டபோது, இரண்டு வாரத்துக்கு முன் ஷிப்டு தொடக்கத்தில் எல்லோரையும் நிற்க வைத்து, இடுக்கியைப் பயன்படுத்துங்கள் என்று சொன்னதாகக் கூறினார். இந்த ஆபரேட்டரிடம் தனியாகச் சொன்னதில்லை. “பலமுறை” என்ற சொல் இப்போது ஒரு தேதியும் ஒரு கூட்டமுமாகச் சுருங்கிவிட்டது.

அவர் இன்னொன்றும் சொன்னார். துண்டுத்தாளில் அது இல்லை. மதியம் 2 மணிக்குக் கவுன்ட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ள எண் 6க்குப் போனபோது கார்டு பிரஸ்ஸில் பூட்டியிருந்ததைக் கண்ணால் பார்த்தாராம். இது அவர் நேரில் பார்த்தது. ஆபரேட்டரின் கூற்றுக்கு எதிராக வருகிறதே என்று இதைத் தயங்கி எழுதுவதோ, சூப்பர்வைசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறார் என்று ஓரங்கட்டுவதோ நேர்மை ஆகாது.

ஆபரேட்டரிடமும் இதே கேள்வி உண்டு. டை மாற்றும்போது கார்டைக் கழற்றியதை அவர் பார்த்தாரா? அந்த நேரத்தில் தான் டீக்குப் போயிருந்ததாகவும், திரும்பி வந்தபோது கார்டு கீழே கிடந்ததாகவும் சொன்னார். அப்படியானால் “டை மாத்துனப்ப கழட்டுனது” என்பதும் ஊகம்தான். பெடலில் கால் இல்லை என்பது மட்டும் அவர் தன் உடம்பில் உணர்ந்து சொல்வது.

இருவரின் கூற்றையும் எழுதும்போது ஒரே வினைச்சொல்லைப் பயன்படுத்த வேண்டும். ஒருவருக்கு “தெரிவித்தார்” என்றும் மற்றவருக்கு “என்று கூறிக்கொள்கிறார்” என்றும் எழுதினால், எழுதியவர் யார் பக்கம் என்பது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். இருவருக்கும் “கூறினார்” போதும். “கவனக்குறைவு”, “அலட்சியம்”, “வேண்டுமென்றே” போன்ற சொற்கள் விபத்தை விவரிப்பதில்லை, அதைப் பற்றிய முடிவைச் சொல்கின்றன. அவற்றை யாராவது பயன்படுத்தினால் மேற்கோள் குறிக்குள் அவர் பேச்சாகவே வைத்து, “எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்” என்று கேட்டு, வரும் பதிலைச் சேர்க்க வேண்டும். ஆபரேட்டர் சொன்ன “தானா எறங்கிடுச்சு” என்பதைத் திருத்தி, “இயந்திரக் கோளாறால் ரேம் இறங்கியது” என்று எழுதுவதும் அதே வகைத் தவறு. கோளாறு என்று அவர் சொல்லவில்லை. தன் கால் பெடலில் இல்லாதபோது இறங்கியது என்றுதான் சொன்னார்.

எதிரெதிரே வைப்பது

இரண்டு கூற்றுகளும் முழுமையாகக் கிடைத்த பின், மூன்றாவதாக ஒரு தாள் தேவை. அதில் முதலில் இருவரும் ஒப்புக்கொள்ளும் செய்திகள் வர வேண்டும். நமது நேர்வில் அவை கணிசமானவை. விபத்து 4.40க்கு நடந்தது. அப்போது கார்டு பிரஸ்ஸில் இல்லை. விரல் டைக்குள் இருந்தது. இடுக்கி கொடுக்கப்பட்டிருந்தது. விரலை விட்டதை ஆபரேட்டர் மறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தனக்குப் பாதகமான செய்தியைத் தானாகவே சொல்லியிருக்கிறார்.

அடுத்து, முரண்படும் செய்திகள். மூன்றே மூன்றுதான் மிஞ்சுகின்றன: கார்டைக் கழற்றியது யார், கால் பெடலில் இருந்ததா, டபுள் ஸ்ட்ரோக் பற்றி முன்பே புகார் வந்ததா. ஒவ்வொன்றுக்கும் கீழே இருவரின் கூற்றையும் ஒரே நீளத்தில், அவரவர் சொல்லிலேயே எழுதி, அதற்கடுத்து வேறு சான்று என்ன கிடைத்தது என்று எழுத வேண்டும். சான்று எதுவும் இல்லையென்றால் “சான்று கிடைக்கவில்லை” என்று எழுத வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்டால், தேடவே இல்லையோ என்ற சந்தேகம் வரும்.

கார்டு விஷயத்தில் டூல் ரூம் பதிவேடு உதவியது. எண் 6இல் டை மாற்றும் வேலை 3.10க்குத் தொடங்கி 3.40க்கு முடிந்ததாக அதில் இருந்தது. 2 மணிக்குக் கார்டைப் பார்த்தேன் என்ற சூப்பர்வைசரின் கூற்றும், டீ குடித்துவிட்டு வந்தபோது கீழே கிடந்தது என்ற ஆபரேட்டரின் கூற்றும் இதில் ஒன்றுக்கொன்று இடிக்காமல் பொருந்துகின்றன. டை செட்டரைக் கேட்டபோது, கார்டைக் கழற்றியது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் “வேல முடிஞ்சதும் மாட்டிக்கப்பான்னு ஆபரேட்டர்கிட்ட சொல்லிட்டுதான் போனேன்” என்றார். ஆபரேட்டர் அதை மறுத்தார். பழைய முரண்பாடு ஒன்று தீர்ந்து, அதைவிடச் சிறிய புது முரண்பாடு ஒன்று பிறந்திருக்கிறது. புதியதையும் அப்படியே எழுதி வைக்க வேண்டும். கழற்றியவர் ஆபரேட்டர் அல்ல என்பது இப்போது உறுதி. கார்டு இல்லாமல் 3.40 முதல் 4.40 வரை ஒரு மணி நேரம் பிரஸ் ஓடியது என்பதும் அதை யாரும் நிறுத்தவில்லை என்பதும் இரு தரப்பும் மறுக்காத செய்திகளாகப் பதிவில் சேர்கின்றன.

புகார் விஷயம் இவ்வளவு எளிதாகத் தீரவில்லை. பிரேக்டவுன் பதிவேட்டில் எண் 6 பற்றி அந்த வாரம் ஒரு வரியும் இல்லை. ஆகவே புகாரே சொல்லவில்லை என்று முடிக்கக் கூடாது. வாய்வழியாகச் சொல்லி, சூப்பர்வைசர் மறந்துபோவது எந்த ஷாப்பிலும் நடப்பதுதான். சூப்பர்வைசர் சொன்னது: “பிரஸ்ல சத்தம் வருதுன்னு சொன்னான். டபுள் அடிக்குதுன்னு சொல்லல.” ஆபரேட்டர் சொன்னது: “சத்தமும் வருது, சில நேரம் டபுளும் அடிக்குதுன்னு சொன்னேன்.” பக்கத்தில் இருந்த ஹெல்பருக்கு ஏதோ பேசிக்கொண்டது நினைவிருக்கிறது, சொற்கள் நினைவில்லை. பதிவில் மூன்றும் வர வேண்டும். எண் 6 பற்றி விபத்துக்கு முன் ஏதோ ஒரு குறை சொல்லப்பட்டது என்பதில் இருவரும் ஒத்துப்போகிறார்கள். இதை முரண்படும் பகுதியிலிருந்து எடுத்து ஒப்புக்கொண்ட பகுதியில் சேர்க்க வேண்டும். இந்த நகர்வை மறந்துவிடுவது எளிது. பின்னால் ஆய்வாளர் வந்து பார்க்கும்போது அதிகம் பயன்படப்போவதும் இதுதான்.

இயந்திரத்தைப் பற்றி எழுதுவது

மிஞ்சியிருக்கும் முரண்பாடான பெடலுக்கு மனிதச் சாட்சி இல்லை. இயந்திரத்தைத்தான் பார்க்க வேண்டும். கீ கிளட்ச் பிரஸ்ஸில் பெடலை மிதித்தால் கீ விழுந்து ஃப்ளைவீலைத் தண்டோடு இணைக்கும். ஒரு சுற்று முடிந்ததும் கீ விடுபட்டு ரேம் மேலே நிற்க வேண்டும். ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தாலோ உடைந்திருந்தாலோ, கீ தேய்ந்திருந்தாலோ, பிரேக் பிடிக்காமலிருந்தாலோ, மிதிக்காமலேயே இரண்டாவது சுற்று வரக்கூடும். அது ஒவ்வொரு முறையும் வராது. சுற்று தொடங்கிவிட்டால் இந்த வகைப் பிரஸ்ஸை நடுவில் நிறுத்தவும் முடியாது.

ஆகவே விபத்து நடந்தவுடன் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டி, சீட்டு தொங்கவிட வேண்டும். கார்டு கிடந்த இடம், பெடலின் நிலை, டையில் ஒட்டியிருந்த பீஸ், கவுன்ட்டர் எண் ஆகியவற்றைப் படம் எடுக்க வேண்டும். உற்பத்தி நிற்கிறதே என்ற அவசரத்தில் இந்த வேலைதான் முதலில் கைவிடப்படுகிறது. நமது நேர்விலும் அன்று மாலை 6 மணிக்கே மெயின்டனன்ஸ் ஃபிட்டர் பிரஸ்ஸைத் திறந்து, பழைய ஸ்ப்ரிங்கை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டுவிட்டார். மறுநாள் காலை 200 ஸ்ட்ரோக் ஓட்டிப் பார்த்ததில் ஒருமுறைகூட டபுள் அடிக்கவில்லை.

இதை “பிரஸ் பரிசோதிக்கப்பட்டது, கோளாறு இல்லை” என்று எழுதினால், உண்மையான ஒரு சோதனையை வைத்துத் தவறான ஒரு செய்தியைச் சொன்னதாகும். சரியான பதிவு இது: “விபத்து நாளன்று மாலை 6 மணிக்குக் கிளட்ச் ஸ்ப்ரிங் மாற்றப்பட்டது. மாற்றிய பின், மறுநாள் காலை 200 ஸ்ட்ரோக் ஓட்டப்பட்டது. டபுள் ஸ்ட்ரோக் நிகழவில்லை. விபத்தின்போது இருந்த நிலையில் பிரஸ் சோதிக்கப்படவில்லை. பழைய ஸ்ப்ரிங் உறையிலிட்டுப் பாதுகாக்கப்பட்டுள்ளது.” ஃபிட்டர் ஸ்ப்ரிங்கை ஏன் மாற்றினார் என்பதையும் அவர் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும். வழக்கமான மாற்றமா, இல்லை அதில் ஏதாவது பார்த்தாரா? பழைய ஸ்ப்ரிங் ஸ்கிராப் தொட்டியில் போய்விட்டிருந்தால், போய்விட்டது என்றே எழுத வேண்டும். பெடல் முரண்பாட்டின் கீழே வரவேண்டிய முடிவு வாக்கியம் சிறியது: “கிடைத்த சான்றுகளால் இது தீரவில்லை.”

பதிவை எழுதுபவருக்கு ஒரு கருத்து இருக்கும். இருப்பது இயல்பு. அதைக் கேட்டால் தனித் தாளில், தன் பெயரும் தேதியும் இட்டு எழுதலாம். கூற்றுகள் உள்ள தாளில் அதற்கு இடமில்லை.

வாசித்துக் காட்டலும் கையெழுத்தும்

எழுதிய கூற்றை அவரவருக்கு அவரவர் மொழியில் மெதுவாக வாசித்துக் காட்ட வேண்டும். “நான் அப்படிச் சொல்லல” என்று சொல்லும் இடத்தை அடித்துத் திருத்தலாம். ஆனால் பழைய சொல் படிக்கும்படி ஒற்றைக் கோடாக அடித்து, ஓரத்தில் சொன்னவரும் எழுதியவரும் சுருக்கொப்பமிட வேண்டும். வெள்ளை மை தடவுவதும் தாளையே மாற்றி எழுதுவதும் கூடாது. கடைசி வரிக்குக் கீழே மிச்சமிருக்கும் இடத்தைக் கோடு போட்டு அடைத்துவிட வேண்டும்.

வலது விரல் போனவரிடம் கையெழுத்து கேட்கும்போது இடது கைப் பெருவிரல் ரேகையோ இடது கைக் கையெழுத்தோ போதும். எதனால் அப்படி வாங்கப்பட்டது என்று ஒரு வரி சேர்த்து, சாட்சி ஒருவரின் கையெழுத்தும் வாங்க வேண்டும். வெற்றுத் தாளிலோ பாதி எழுதிய படிவத்திலோ ஒருபோதும் வாங்கக் கூடாது. லீவு, முன்பணம், மருத்துவச் செலவு பற்றிய பேச்சும் இந்தக் கையெழுத்தும் ஒரே நாளில் நடக்கக் கூடாது. அப்படி நடந்தால், பணத்துக்காகப் போட்டது என்ற சந்தேகம் இரு தரப்பையும் விடாது.

கையெழுத்துப் போட மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். “வாசித்துக் காட்டப்பட்டது, கையெழுத்திட மறுத்தார், கூறிய காரணம் இது” என்று எழுதி, உடன் இருந்தவர் கையெழுத்தைப் பெறலாம். சூப்பர்வைசர் மறுத்தாலும் இதே முறைதான்.

சில நாள் கழித்து இருவரில் ஒருவர் கூற்றை மாற்றுவதுண்டு. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கக் கூடாது. புதியது துணைக் கூற்றாக, அதன் தேதியோடு சேர வேண்டும். எது நினைவுக்கு வந்ததால் மாற்றுகிறார் என்பதையும் கேட்டு எழுத வேண்டும். இ.எஸ்.ஐ. விபத்துப் பதிவேட்டிலும் இதே ஒழுங்கு பொருந்தும். விபத்து நேரத்தில் காயம்பட்டவர் சரியாக என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கும் கட்டம் அதில் உண்டு. அந்தக் கட்டம் சின்னது என்பதால் சூப்பர்வைசரின் ஒரு வரி அதில் உட்கார்ந்துவிடும். அங்கே ஒப்புக்கொண்ட செய்தியை மட்டும் எழுதி, குறிப்புகளுக்கான கட்டத்தில் “கூற்றுகள் வேறுபடுகின்றன, இணைப்பு காண்க” என்று எழுதி இணைப்பின் எண்ணையும் தேதியையும் தர வேண்டும்.

கையெழுத்தான கூற்றின் நகலை அன்றே காயம்பட்டவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்க வேண்டும். சூப்பர்வைசருக்கு அவருடைய கூற்றின் நகல். எதிரெதிரே வைத்த தாளின் நகல் இருவருக்கும். மூலம் டைம் ஆபீஸில் பூட்டிய அலமாரியில், படங்களோடும் ஸ்ப்ரிங் உள்ள உறையோடும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும். அதை எடுத்துப் பார்ப்பவர் ஒவ்வொருவரும் மேலட்டையில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு எடுக்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும்.